ஒருவரும் இறங்காத அட்டவணை

காற்றுக் காலத்தில் எங்கள் பக்கத்தில் எதையும் மேசையில் வைத்துவிட்டுத் திரும்ப முடியாது. உப்புநீர்க் களப்பிலிருந்து கிளம்புகிற காற்று பனையோலையை உரசி, இறால் பண்ணையின் கெட்ட நீரை முகர்ந்து, பாடசாலையின் கம்பி யன்னல்களுக்குள் நுழைந்து, கரும்பலகைத் தூளையும் பிள்ளைகளின் விடைத்தாள்களையும் ஒன்றாகக் கிளப்பிவிடும். தாள்களின் மேல் நாங்கள் கல் வைப்போம், சிப்பி வைப்போம், சாப்பாட்டுப் பெட்டியை வைப்போம். பறந்தவற்றை ஓடிப் பொறுக்கி, பெயர் பார்த்து அடுக்குவோம். காற்று கலைத்ததைப் பெயர் பார்த்து அடுக்கிவிடலாம். பெயரையே எடுத்துவிட்டு ஒரு மனிதர் கலைத்ததை அடுக்குவதற்குத்தான் நான் சிலாபம்வரை போக வேண்டியிருந்தது.

நான் தரம் ஆறுக்கு வகுப்பாசிரியை. கணிதமும் என்னுடையது. இரண்டு சோலிக்கும் இடையில் எழுதுவேன்; வரி உடைக்காத கவிதை போல ஏதோ ஒன்று. அது பாடசாலையில் எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் வாசித்ததில்லை.

அந்த வருடம் கணித ஆசிரிய ஆலோசகர் எங்கள் வகுப்பைத் தேர்ந்தெடுத்தார். வலயத்தில் உள்ள பாடசாலைகளைச் சுற்றி வந்து எங்களுக்கு வழிகாட்டுவது அவருடைய வேலை. மோட்டார் சைக்கிளில் வருவார். சட்டைப் பையில் எப்போதும் நான்கு நிறப் பேனைகள். கெட்ட மனிதர் என்று நான் சொல்லமாட்டேன். கெட்ட மனிதராக இருந்திருந்தால் இவ்வளவு கோபம் வந்திருக்காது, ஒதுங்கிப் போயிருப்பேன்.

அவருடைய திட்டம் எளிமையானது. பின்னக் கணக்கைக் குழுவாகப் படிப்பிப்பது. வகுப்பில் பதினாறு பிள்ளைகள். நான்கு பேராக நான்கு குழு. ஒவ்வொரு குழுவுக்கும் கொஞ்சம் கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று தலைவர். தலைவருக்குச் சட்டையில் குத்திக்கொள்ள மட்டையில் வெட்டிய பட்டம். அரைவாசியையும் கால்வாசியையும் வண்ணத் தாளில் வெட்டி, மடித்து, ஒட்டி, தலைவர்தான் மற்ற மூவருக்கும் விளங்கப்படுத்த வேண்டும். தொடங்குமுன் இருபது புள்ளிக்கு ஒரு முற்சோதனை. ஆறு கிழமை கழித்து அதே அளவு கடினத்தில் ஒரு பிற்சோதனை. திருத்துவது நான். கணக்குப் பார்த்து அறிக்கை எழுதுவது அவர். பலன் தெரிந்தால் அடுத்த தவணை வலயம் முழுக்க எல்லாத் தரம் ஆறுக்கும் இதே முறை, இதே மட்டைப் பட்டம்.

முற்சோதனையில் பதினைந்து எடுத்தவன் ஒருவன். அடுத்து பதின்மூன்று, ஒரு பெண் பிள்ளை. பிறகு பன்னிரண்டு, பதினொன்று. அவர்கள் நால்வரும் தலைவர்கள்.

பதின்மூன்று எடுத்தவளைப் பற்றித்தான் நான் எழுதுகிறேன். அவளுடைய வாப்பாவின் குடும்பம் மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து ஒரு பையோடு வந்து இங்கே ஊன்றிய குடும்பம். வாப்பா இப்போது மீன் லொறி ஓட்டுகிறார். உம்மா வீட்டில் தையல். பிள்ளை மெலிந்தவள், குரல் மட்டும் பெரியது. பட்டத்தைக் குத்திய முதல் நாளே அவள் நடை மாறியது. குழுவில் ஒருவன் காலையும் அரையையும் கூட்டி 'ஆறில் இரண்டு' என்று எழுதினால், தலையில் கை வைத்து, "டேய், பாணைக் கால்வாசி தின்னு, பிறகு அரைவாசி தின்னு, முக்கால் பாண் வயித்துக்குள்ள போயிட்டு. ஆறுல ரெண்டு எங்கிருந்துடா வந்திச்சு?" என்பாள். அவன் திருத்தி எழுதுவான். நான் கதவடியில் நின்று சிரிப்பேன்.

சிரித்துக்கொண்டு நின்றபோது ஒன்று தெரிந்தது. அவளுடைய கொப்பி வெறுமையாக இருந்தது. தாள் வெட்டுவது அவள், பசை கேட்டு ஓடுவது அவள், மூன்று பேருக்கும் சொல்லிக் கொடுப்பது அவள். மணி அடிக்கும்போது மற்றவர்கள் செய்து முடித்த கணக்கு அவளிடம் மட்டும் இருக்காது. ஆலோசகரிடம் சொன்னேன். "சொல்லிக் குடுக்கிறவருக்குத்தான் டீச்சர் கூட விளங்கும்" என்றார். புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. புத்தகத்தில் உள்ள பிள்ளைக்குத் தன் கணக்கைச் செய்யவும் நேரம் இருந்திருக்கும்.

பிற்சோதனையைத் திருத்தினேன். பதின்மூன்று பேர் ஏறியிருந்தார்கள். நான்கு எடுத்தவன் பத்து, ஐந்து எடுத்தவள் பதினொன்று. கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருந்தது. தலைவர்களில் பதினைந்துக்காரன் பதினேழு. மற்ற மூன்று தலைவர்களும் இறங்கியிருந்தார்கள். பதினொன்று ஏழானது, பன்னிரண்டும் ஏழானது. என் பெரிய குரல்காரிக்கு எட்டு.

விடைத்தாள்களை ஒரு நாள் வீட்டுக்குக் கொடுத்து, பெற்றோர் ஒப்பம் வாங்கி, அறிக்கையோடு இணைப்பதற்காகத் திரும்ப எடுத்தோம். புள்ளிகளை இரண்டு தாளில் எழுதி ஆலோசகருக்குக் கொடுத்தேன். மூன்று பேர் இறங்கியதையும் வாயால் சொன்னேன். "பார்ப்பம், பார்ப்பம்" என்றார்.

பெற்றோர் கூட்டத்தில் அவர் பார்த்ததைக் காட்டினார்.

மண்டபத்தில் கதிரைகள் போட்டு, சுவரில் வெள்ளைச் சீலை கட்டி, அதில் அட்டவணையைப் போட்டார். உம்மாமார் ஒரு பக்கம், வாப்பாமாரில் கடலுக்குப் போகாத சிலர் மறு பக்கம். பெயர்கள் இல்லை. மாணவர் ஒன்று, மாணவர் இரண்டு என்று பதினாறு வரி. பிள்ளைகளின் பெயரை வெளியே விடக்கூடாது என்பது ஆய்வின் ஒழுக்கம். அதில் எனக்குச் சண்டை இல்லை. ஒவ்வொரு வரியிலும் முன், பின், வித்தியாசம். வித்தியாசம் எல்லாம் பச்சை நிறத்தில். மூன்று, இரண்டு, நான்கு, ஐந்து. எல்லாம் கூட்டல்.

"ஒரு பிள்ளைகூட இறங்கல்ல" என்றார் ஆலோசகர். "சராசரி மூண்டு புள்ளி கூடியிருக்கு. சோடி டி-சோதனை செய்து பார்த்தம். டி பெறுமானம் பதினொன்று தசம் ஆறு. விளைவின் அளவு இரண்டு தசம் ஒன்பது. தசம் எட்டு வந்தாலே பெரிய விளைவு எண்டு சொல்லுவாங்க. எங்கட பிள்ளைகள் அதைவிட மூண்டு மடங்குக்கும் மேல!"

கை தட்டினார்கள். நானும் தட்டத் தூக்கிய கையைப் பாதியில் நிறுத்தினேன். இரண்டாவது வரி: முன் பதின்மூன்று, பின் பதினான்கு. வகுப்பில் பதின்மூன்று எடுத்தது ஒரே ஒரு பிள்ளை. அந்தப் பதினான்கு யாருடையது?

அதைக் கேட்க நான் எழுமுன் அவளுடைய உம்மா எழும்பினார்.

"சேர், அந்தப் பதிமூணு எண்ட மகளுக்குத்தான். பிறகு நடந்த டெஸ்ட்ல அவளுக்கு எட்டு. நான் சைன் வெச்சுக் குடுத்தன். அங்க பதினாலு எண்டு இரிக்கி."

ஆலோசகர் சீலையைப் பார்த்தார், சிரித்தார். "இல்ல உம்மா. கணினி போட்ட கணக்கு. இறங்கின பிள்ளை ஒண்டும் இதுல இல்ல. ஒங்கட மகள் ஆற்றயோ பேப்பரக் கொண்டுவந்து காட்டிச்சோ தெரியாது!"

மண்டபம் சிரித்தது. அதில் நஞ்சு ஒன்றும் இல்லை. வெயில் நேரத்தில் கூட்டத்துக்கு வந்தவர்கள் கிடைத்த பகிடிக்குச் சிரித்தார்கள். பின்னாலிருந்து ஒரு வாப்பா, "கூடின பேப்பரக் களவெடுத்தாலும் பரவாயில்ல, குறைஞ்சதையா களவெடுக்கிற?" என்றார். இன்னும் சிரித்தார்கள். கதவடியில் தேநீர்த் தட்டோடு தலைவர்கள் நால்வரும் நின்றார்கள். அவளும் நின்றாள், மட்டைப் பட்டத்தோடு. கோப்பைகள் ஒன்றோடொன்று முட்டுகிற சத்தம் எனக்குக் கேட்டது.

"சேர், எட்டு சரி" என்றேன். "நான் திருத்தின பேப்பர்."

"பிறகு கதைப்பம் டீச்சர்" என்றார், அடுத்த படத்தைப் போட்டபடி.

பிள்ளையின் உம்மா உட்காரவில்லை. கூட்டம் முடியும்வரை நின்றபடியே இருந்தார். போகும்போது மகளின் கையைப் பிடித்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை. சந்தையில் களவு பிடிபட்ட ஆளைக் கூட்டிப்போவது போல இருந்தது. வாசலில் மறித்தேன்.

"அவள் பொய் சொல்லல்ல. எட்டுத்தான்."

"அப்ப அந்த சேர் பொய் சொல்றாரா டீச்சர்?"

அந்தக் கணத்தில் எனக்கே தெரியாது.

"பதினாலு எடுத்துட்டு எட்டு எண்டு ஏன் உம்மா நான் சொல்லணும்?" என்றாள் பிள்ளை. குரல் பெரிதாக வரவில்லை.

"பேசாம வா. ஊரே சிரிச்சிச்சு" என்றார் உம்மா.

ஆசிரியர் அறையில் ஆலோசகர் மடிக்கணினியை மூடுகிற நேரம் போய் முன்னால் நின்றேன். அதிபரும் இருந்தார், தொழுகைக்குப் போக வேண்டிய நேரம், தொப்பி கையில்.

"சேர், ரெண்டு நிரலையும் எப்படி அடுக்கினீங்க?"

"எப்படி எண்டா? நிலைப்படி."

"முற்சோதனையையும் நிலைப்படி, பிற்சோதனையையும் நிலைப்படியா?"

"ஓம். நாங்க எப்பவும் புள்ளி நிலைப்படிதானே போடுறது."

அப்போதுதான் விளங்கியது. அது எங்கள் கைப்பழக்கம். இந்த நாட்டில் எந்தப் பாடசாலையிலும் புள்ளித் தாள் கையில் வந்ததும் நாங்கள் செய்யும் முதல் வேலை முதலாம் பிள்ளை யார், கடைசிப் பிள்ளை யார் என்று வரிசை போடுவது. மூச்சு விடுவது போல அதைச் செய்கிறோம். அவரும் செய்தார். முற்சோதனையை மேலிருந்து கீழாக அடுக்கினார். பிற்சோதனையைத் தனியே மேலிருந்து கீழாக அடுக்கினார். பெயர் நிரலை ஒழுக்கத்துக்காக அழித்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினார். முன்பு இரண்டாவதாக வந்த புள்ளிக்கு எதிரே பின்பு இரண்டாவதாக வந்த புள்ளி. முந்தியது அவளுடையது, பிந்தியது வேறு யாரோ ஒருவருடையது. அந்த இரண்டு பேரையும் ஒட்டி ஒரு பிள்ளை செய்து, அதற்கு 'மாணவர் இரண்டு' என்று பெயரும் வைத்துவிட்டார். அப்படிப் பதினாறு பிள்ளைகள். பெரும்பாலும் இந்த உலகத்தில் பிறக்காத பிள்ளைகள்.

"சேர், சோடிச் சோதனை எண்டா ஒரே பிள்ளையின்ர முன்னும் பின்னும்தான் சோடி. நீங்க சோடி மாத்திட்டீங்க."

அவர் முகம் ஒரு கணம் விழுந்தது. அந்தக் கணத்தை நான் பார்த்தேன். அதற்காகவே அவரை மன்னிக்க ஆயத்தமாக இருந்தேன். பிறகு முகத்தைத் திரும்பத் தூக்கிக்கொண்டார்.

"சராசரி மாறல்லயே டீச்சர். எப்படி அடுக்கினாலும் முன்னுக்கு எட்டு தசம் ஏழு ஐந்து, பின்னுக்குப் பதினொன்று தசம் ஏழு ஐந்து. வித்தியாசம் மூண்டு."

"சராசரி மாறாது. விலகல் மாறும்."

நான் கல்குலேட்டரை எடுத்தேன். என் வகுப்பு இடாப்பில் பெயர் வரிசையில் இரண்டு புள்ளியும் இருந்தன. பிள்ளை பிள்ளையாகப் பின்னிலிருந்து முன்னைக் கழித்தேன். கூட்டல் ஆறு, கூட்டல் ஐந்து, கூட்டல் இரண்டு. பிறகு அந்த மூவர்: கழித்தல் நான்கு, கழித்தல் ஐந்து, கழித்தல் ஐந்து. வித்தியாசங்களின் சராசரி மூன்றுதான். ஆனால் அந்த வித்தியாசங்கள் மூன்றைச் சுற்றி எவ்வளவு சிதறி நிற்கின்றன என்பதைச் சொல்லும் நியம விலகல் நான்கு. அவருடைய அட்டவணையில் அது ஒன்றுக்குச் சற்று மேல். தரவரிசை எல்லோரையும் ஒரே அளவாகச் சீவிவிட்டது. நான்கைப் பதினாறின் வர்க்கமூலத்தால் வகுத்தால் நியம வழு ஒன்று. மூன்றை ஒன்றால் வகுத்தால் டி பெறுமானம் மூன்று. பதினொன்று தசம் ஆறு இல்லை, மூன்று. விளைவின் அளவுக்கு மூன்றை நான்கால் வகுக்க வேண்டும். தசம் ஏழு ஐந்து.

"பதினாறு பிள்ளைக்குச் சுயாதீனப் பாகை பதினைந்து" என்றேன். "அட்டவணைப்படி ஐந்து சதவீத மட்டத்துக்கு இரண்டு தசம் ஒன்று மூன்று தாண்டினால் போதும். மூண்டு தாண்டுது. ஒங்கட முறை பலன் தந்திருக்கு சேர். அதை ஆரும் இல்லையெண்டு சொல்லல்ல. உள்ளதைச் சொல்லுங்க."

அவர் அதைத்தான் பிடித்துக்கொண்டார். "பார்த்தீங்களா? முடிவு மாறல்ல. அப்ப என்னத்துக்கு இந்தக் குழப்பம்? இரண்டு தசம் ஒன்பது எண்டு மேலுக்கு அனுப்பியாச்சு. சிலாபத்தில கூட்டத்துக்குப் படமெல்லாம் செய்தாச்சு."

அதிபர் தொப்பியைக் கையில் சுழற்றியபடி, "எனக்கு இந்த டி-யும் விளங்கல்ல டீயும் விளங்கல்ல" என்றார். "சுருக்கமாச் சொல்லுங்க டீச்சர்."

"பள்ளிவாசல்ல எல்லாரும் செருப்பக் கழட்டிட்டுப் போறீங்க. நீங்க தொழுது முடிக்கிறதுக்குள்ள ஒராள் வந்து இடது செருப்பையெல்லாம் அளவுப்படி அடுக்கிறார். வலது செருப்பையும் தனியா அளவுப்படி அடுக்கிறார். சோடி சோடியா வெச்சிட்டுப் போறார். பார்க்க எல்லாம் அளவாத்தான் இருக்கும்."

அதிபர் குனிந்து தன் செருப்பைப் பார்த்தார். "அப்ப நான் ஆற்றயோ ஒரு செருப்பப் போட்டுக்கிட்டு வீட்ட போவன்."

"ஓம். அதோட, ஒருத்தருக்கும் செருப்பு மாறல்ல எண்டு அறிக்கையும் வரும்."

அதிபர் சிரித்தார். ஆலோசகர் சிரிக்கவில்லை. "நீங்க கவிதை எழுதுற ஆள்" என்றார் என்னிடம். "எல்லாத்தையும் உணர்ச்சியாப் பார்க்கிறீங்க. இது புள்ளிவிபரம்."

"கவிதையிலகூட நான் ஒருத்தரையும் கேக்காமச் சோடி கட்டி வைக்கிறதில்ல சேர்."

"மூணு பிள்ளைதானே டீச்சர்! பதிமூணு பேர் ஏறியிருக்கு!"

இந்த 'தானே' என்ற சொல்லை நான் என் வாழ்நாளில் எத்தனை இடத்தில் கேட்டிருக்கிறேன். முகாம் கொட்டிலில் கேட்டிருக்கிறேன், ஆஸ்பத்திரி வரிசையில் கேட்டிருக்கிறேன், காற்றாலை நட வந்தவர்கள் கரைவலை இழுக்கிற கரையை மறித்தபோது கேட்டிருக்கிறேன். கொஞ்சப் பேர்தானே, சின்ன இடம்தானே. அந்த மூன்று பேர் யார் என்று அவருக்குத் தெரியும். அவருடைய முறையைத் தோளில் தூக்கிப்போனவர்கள். ஆறு கிழமை சம்பளமில்லாத ஆசிரியர்களாக நின்று, மற்றவர்களின் கொப்பியை நிரப்பி, தங்கள் கொப்பியை வெறுமையாக விட்டவர்கள். அந்த முறைக்கு யார் விலை கொடுத்தார்கள் என்று கேட்டால் கை தூக்க வேண்டியவர்கள். அவர்களைத்தான் பச்சை நிறத்தில் பூசி மறைத்திருந்தார். அடுத்த தவணை வலயம் முழுக்க ஒவ்வொரு வகுப்பிலும் இப்படித் தலைவர்களை நிறுத்தி வைக்கப்போகிறார்கள். ஒவ்வொன்றும் வீட்டுக்குக் குறைந்த புள்ளியோடு போகும், அங்கே அதை நம்பமாட்டார்கள்.

மறுநாள் அவள் பட்டத்தைக் கழற்றி என் மேசையில் வைத்தாள்.

"உம்மா வேணாமெண்டு சொல்லிட்டாங்க டீச்சர். வகுப்புல தலைவியா நிண்டு விளையாடித்தான் எட்டு வந்ததாம். பதினாலு வந்தா அந்த பேப்பரக் காட்டட்டாம். எட்டு வந்தா மதரஸாவுக்கு மட்டும் போனாப் போதுமாம், பின்னேர வகுப்பு வேணாமாம்."

பின்னேரக் கணித வகுப்பு நான் நடத்துவது. தலைவர்கள் தவறவிட்ட கணக்கை அங்கேதான் பிடிக்கலாம் என்று நினைத்திருந்தேன். அந்தக் கதவும் அடைபட்டது. ஒரு அட்டவணையின் இரண்டாவது வரி அவளைக் கள்ளியாக்கியது; அந்த வரியைத் திருத்தாமல் அவளை அதிலிருந்து மீட்க எனக்கு வழி தெரியவில்லை. உம்மாவிடம் நான் எவ்வளவு சொன்னாலும் அது டீச்சரின் இரக்கம். அறிக்கை சொன்னால்தான் அது உண்மை. அப்படித்தான் எங்கள் சனத்தை நாங்கள் பழக்கி வைத்திருக்கிறோம்.

ஆகவே அறிக்கை வாசிக்கிற அந்தக் கூட்டத்துக்குச் சிலாபம் போனேன். அதிபர் லீவு தந்தார். தந்துவிட்டு, "நான் தந்ததா ஆருக்கும் சொல்லாதீங்க" என்றார். பஸ்ஸில் கருவாட்டு மூட்டைகளோடு வந்தேன். மீன் சந்தைப் பக்கம் இறங்கும்போது காகங்கள் கத்துகிற கத்தலில் என் கோபம்கூடச் சின்னதாகத் தெரிந்தது. ஆனால் வற்றவில்லை.

கூட்டத்தில் பல பாடசாலைகளின் ஆசிரியர்கள் இருந்தார்கள். சிங்களத்திலும் தமிழிலும் கதை. தலைமை தாங்கியது ஆசிரியர் கல்லூரியின் விரிவுரையாளர் ஒரு அம்மா, நரைத்த கொண்டை, கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்துக்கொண்டு தேடுகிறவர். ஆலோசகர் வாசித்தார். பச்சை அட்டவணை வந்தது. இரண்டு தசம் ஒன்பது வந்தது.

விரிவுரையாளர் கண்ணாடியைக் கண்டுபிடித்துப் போட்டார். "இரண்டு தசம் ஒன்பதா? எதால வகுத்தீங்க?"

"வித்தியாசங்களின் நியம விலகலால, மெடம்."

"அந்த விலகல் எவ்வளவு?"

"ஒன்று தசம் பூச்சியம் மூன்று."

"ஆறு கிழமையில எல்லாப் பிள்ளையும் கிட்டத்தட்ட ஒரே அளவாவா கூடிச்சு? என்ட வாழ்க்கையில அப்படி ஒரு வகுப்பை நான் காணல்லையே."

நான் எழுந்தேன். இந்த இடத்தில் பேச எனக்கு அனுமதி இருக்கிறதா என்று கேட்கவில்லை. கேட்டால் இல்லை என்று சொல்லியிருப்பார்கள். "அந்த வகுப்பின் ஆசிரியை நான்தான்" என்று சொல்லிக்கொண்டு வெள்ளைப் பலகைக்குப் போனேன். இடது பக்கம் ஒரு நிலைக்குத்துக் கோடு, முன். வலது பக்கம் ஒன்று, பின். ஒவ்வொரு பிள்ளைக்கும் இடது புள்ளியிலிருந்து வலது புள்ளிக்கு ஒரு கோடு. பெயர் எழுதவில்லை. பதின்மூன்று கோடுகள் ஏறின, கடலிலிருந்து கரைக்கு இழுக்கிற கரைவலைக் கயிறுகள் போல. பிறகு பேனையை மாற்றி மற்ற மூன்றையும் சிவப்பில் இழுத்தேன். ஏறுகிற கோடுகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு அவை இறங்கின.

முன் வரிசையில் ஒரு சிங்கள ஆசிரியை பக்கத்திலிருந்தவரிடம் ஏதோ கேட்டாள். பக்கத்திலிருந்தவர் சிவப்புக் கோடுகளைக் கையால் காட்டினார்.

"இந்த மூண்டும் ஆர்?" என்றார் விரிவுரையாளர்.

"குழுத் தலைவர்கள், மெடம். நாலு பேர்ல மூண்டு பேர்."

அவர் ஆலோசகரைப் பார்க்கவில்லை, பலகையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப இந்த ஆய்வில சொல்ல வேண்டிய விசயமே இதுதானே" என்றார் மெல்ல. பிறகு ஆலோசகரிடம் திரும்பி, குரலை உயர்த்தாமலே வரிசையாகச் சொன்னார்: நிலைப்படி அடுக்கியதைக் கலைத்து, ஒவ்வொரு பிள்ளையின் சோடியையும் திரும்பச் சேர்க்க வேண்டும், டி பெறுமானம், சுயாதீனப் பாகை, நிகழ்தகவு மூன்றையும் எழுத வேண்டும், விளைவின் அளவை எந்த விலகலால் வகுத்தது என்று சொல்ல வேண்டும், முற்சோதனையின் விலகலால் வகுத்தால் வேறு எண் வரும், ஒப்பிட வேறு வகுப்பு இல்லாததால் கூடியது எல்லாம் முறையால்தான் என்று அடித்துச் சொல்லக் கூடாது, இறங்கினவர்களைப் பற்றி ஒரு பந்தி வேண்டும். அதுவரை வலயத்துக்கு விரிவாக்குவது நிற்கட்டும்.

தேநீர் இடைவேளையில் ஆலோசகர் என் பக்கம் வந்தார். "என்னத் தனியாக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமே டீச்சர்."

"தனியாத்தான் சேர் முதல்ல சொன்னன்."

அவர் சீனி இல்லாத தேநீரைக் கலக்கிக்கொண்டே இருந்தார்.

திருத்திய அறிக்கை தவணை முடிவதற்குள் வந்தது. கணக்கு சரி. டி மூன்று, சுயாதீனப் பாகை பதினைந்து, நிகழ்தகவு தசம் பூச்சியம் ஒன்றுக்குக் கீழ், விளைவின் அளவு தசம் ஏழு ஐந்து. பெயர்கள் இல்லாமலே இடாப்பு வரிசையில் பதினாறு வரி. இறங்கினவர்கள் பற்றிய பந்தி மூன்று வரி. அதில் 'வீட்டுச் சூழலின் கவனக்குறைவும் காரணமாகலாம்' என்று ஒரு வசனம் நுழைந்திருந்தது. எந்த வீடு? எந்தச் சூழல்? கொப்பி வெறுமையானது என் வகுப்பறையில், அவர் திட்டத்தில், பாட நேரத்தில். அந்த வசனத்தை எடுக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். இதை எழுதும்வரை பதில் இல்லை. கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

பதிலுக்குக் காத்திராமல் அட்டவணைப் பக்கத்தைக் கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். உம்மா தையல் மெசினிலிருந்து எழும்பிக் கதிரை தந்தார். ஒன்பதாம் வரியைக் காட்டினேன். அவர் விரலால் தொட்டு வாசித்தார்: பதின்மூன்று. எட்டு. கழித்தல் ஐந்து. விரல் அந்தக் கழித்தல் குறியிலேயே நின்றது.

"இதுதான் எண்ட புள்ள" என்றார்.

பிறகு, மகளைப் பார்க்காமல், "எட்டுத்தான் எடுத்திரிக்கி. எட்டெண்டுதான் சொல்லியும் இரிக்கி" என்றார். மன்னிப்புக் கேட்பது எங்கள் பக்கத்தில் அவ்வளவுதான். பின்னேர வகுப்புக்கு எத்தனை மணிக்கு அனுப்ப வேண்டும் என்று கேட்டார்.

பிள்ளை தாளை என் கையிலிருந்து வாங்கினாள். தன் வரியைப் பார்க்கவே இல்லை. மேலும் கீழும் தேடி, பெயரில்லாத வரிகளில் புள்ளிகளை வைத்தே யார் யார் என்று பிடித்தாள். "டீச்சர், இது எண்ட குறூப். இதுவும். இந்தா இதுவும். மூணு பேரும் ஏறியிருக்காங்க!" என்றாள், மண்டபத்தில் தொலைந்துபோன அந்தப் பெரிய குரலில்.

நான் அவளோடு சேர்ந்து சந்தோசப்பட வேண்டும். முடியவில்லை. அந்த மூன்று கூட்டலுக்கும் கீழே அவளுடைய கழித்தல் இருந்தது, அதை அவளுக்குக் காட்டாமல் தாளை மடித்து வாங்கி, "நாளைக்கு உன்ட கொப்பியக் கொண்டு வா. ஒருத்தருக்கும் சொல்லிக் குடுக்காத. முதல்ல நீ செய்" என்றேன்.